ஏழு பாலங்கள், ஒரே நடை: எந்த ஊருக்கும் விடை கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் ஆற்றங்கரை ஊர். நடுவில் தீவு, அங்கங்கே பாலங்கள். ஒரு பாலத்தையும் விடாமல், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல், எல்லாவற்றையும் கடந்து வர முடியுமா? இந்தப் புதிருக்குச் சொந்தமான ஊர் கோனிக்ஸ்பெர்க். அப்போது பிரஷ்யாவில் இருந்தது, இப்போது ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. பிரேகல் ஆறு அந்த ஊருக்குள் இரண்டு கிளையாக ஓடுகிறது. ஊர்க்காரர்கள் நடந்து நடந்து பார்த்துத் தோற்றுப்போன கணக்கு இது. 1735-இல் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, அந்த ஏழு பாலங்களை அப்படிக் கடக்கவே முடியாது என்று நிரூபித்தார்.

பெரும்பாலான விளக்கங்கள் 'முடியாது' என்பதோடு கடையைக் கட்டிவிடும். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அதே ஊரில், அதே ஆற்றில், 1542-க்கு முன்னால் அந்த நடை சாத்தியமாக இருந்தது. 1875 வாக்கில் மறுபடியும் சாத்தியமானது. பழைய ஏழு பாலங்களின் தடத்தில் நிற்பவற்றை மட்டும் எண்ணினால் இன்றைக்கும் சாத்தியம்தான். ஒரு பாலம் கூடினாலோ குறைந்தாலோ விடை ஏன் புரண்டுபோகிறது என்பது பிடிபட்டால், எந்த ஊர் வரைபடத்தைக் கொடுத்தாலும் நீங்களே இரண்டு நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். விடை 'முடியும்' என்றால் பாதையையும் போட்டுக் கொடுத்துவிடலாம். இரண்டையும் இங்கே படிப்படியாகப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதல் படி: நிலத்தை எண்ணுங்கள்

எல்லோரும் முதலில் பாலங்களை எண்ணத் தொடங்குவார்கள். அதற்கு முன் நிலப்பகுதிகளை எண்ண வேண்டும். விதி இதுதான்: பாலம் ஏறாமல் காலாற நடந்து போய்ச் சேரக்கூடிய இடமெல்லாம் ஒரே பகுதி. அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, உள்ளே எத்தனை தெருக்கள் இருந்தாலும் சரி.

கோனிக்ஸ்பெர்க்கில் அப்படி நான்கு பகுதிகள். வடகரை ஒன்று, தென்கரை ஒன்று, நடுவில் க்னைப்ஹோஃப் என்ற சிறு தீவு, அதற்குக் கிழக்கே ஆற்றின் இரண்டு கிளைகளுக்கும் இடையில் லோம்சே என்ற நீண்ட நிலம். எழுதுவதற்குச் சுருக்கமாக வ, த, க, ல என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்திலேயே சறுக்க வாய்ப்பு உண்டு. ஆல்ட்ஷ்டாட், லோபெனிஷ்ட், க்னைப்ஹோஃப் என்று மூன்று தனித்தனி ஊர்களாக இருந்தவற்றை 1724-இல்தான் ஒரே நகரமாக இணைத்தார்கள். பழைய வரைபடத்தைப் பார்ப்பவர் ஆல்ட்ஷ்டாட்டை ஒரு பகுதி, லோபெனிஷ்ட்டை இன்னொரு பகுதி என்று பிரித்துவிடலாம். ஆனால் இரண்டும் வடகரையில்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இந்த ஏழு பாலங்களில் எதுவும் வேண்டியதில்லை. ஆகவே நம் கணக்கில் இரண்டும் ஒன்றே. நிர்வாக எல்லை, வார்டு எல்லை எதுவும் இங்கே செல்லாது. தண்ணீர் மட்டுமே எல்லை.

இன்னொரு குறுக்குவழியையும் இப்போதே அடைத்துவிடுவோம். ஆறு தொடங்கும் இடம் வரை நடந்துபோய்ச் சுற்றி வந்தால் என்ன, படகில் போனால் என்ன, பாலத்தில் பாதி வரை போய்த் திரும்பினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அப்படிச் செய்யலாம், ஆனால் அது வேறு புதிர். இங்கே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலம் மட்டுமே வழி. ஏறினால் மறுமுனையில் இறங்கியாக வேண்டும்.

இரண்டாம் படி: பாலத்தைக் கோடாக்குங்கள்

நான்கு பகுதிகளுக்கும் தாளில் நான்கு புள்ளிகள் வையுங்கள். மேலே வ, கீழே த, நடுவில் இடப்பக்கம் க, வலப்பக்கம் ல. இனி ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு கோடு. ஜெர்மன் பெயர்களைத் தமிழில் சொன்னால் பட்டியல் இப்படி வரும்:

கடைக்காரர் பாலம்: வ – க
கொல்லர் பாலம்: வ – க
பச்சைப் பாலம்: க – த
குடல் பாலம்: க – த
தேன் பாலம்: க – ல
மரப் பாலம்: வ – ல
உயரப் பாலம்: த – ல

பாலம் எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் போகிறது, கரையில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதெல்லாம் தாளுக்கு வரவே இல்லை, கவனித்தீர்களா? எதை எதோடு இணைக்கிறது என்பது மட்டும் வந்திருக்கிறது. ஆய்லர் கண்ட புதுமையே இதுதான். அளவும் தூரமும் இல்லாத ஒரு வடிவியல். லைப்னிட்ஸ் பேசிவந்த 'இடநிலை வடிவியல்' என்ற பெயரைத்தான் ஆய்லர் தன் கட்டுரைத் தலைப்பிலும் பயன்படுத்தினார். இன்று இது கோட்டுருவியல் என்ற தனித்துறை.

ஒரு சின்னச் செய்தி: இப்படிப் புள்ளியும் கோடுமாகப் போட்ட படம் ஆய்லரின் கட்டுரையில் கிடையாது. அவர் ஆற்றையும் பாலங்களையும்தான் வரைந்தார். புள்ளி-கோடு படம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அப்படியானால் படமில்லாமல் அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? எழுத்துகளை எண்ணித்தான். அடுத்த படியில் அதைப் பார்ப்போம்.

மூன்றாம் படி: ஆய்லர் எண்ணியது போல எண்ணுங்கள்

ஒரு நடையை எழுத்து வரிசையாக எழுதலாம். வடகரையில் கிளம்பி க்னைப்ஹோஃப் போய், அங்கிருந்து தென்கரை போனால் 'வகத'. இரண்டு பாலம், மூன்று எழுத்து. மூன்று பாலம் கடந்தால் நான்கு எழுத்து. ஆக, ஏழு பாலத்தையும் ஒருமுறை கடக்கும் நடையை எழுதினால் சரியாக எட்டு எழுத்துகள் வரவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரி, இந்த எட்டில் 'வ' எத்தனை முறை வரும்? வடகரையில் மூன்று பாலங்கள். நீங்கள் அங்கே கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பாலத்தில் வெளியே போகிறீர்கள், இரண்டாவதில் உள்ளே வருகிறீர்கள், மூன்றாவதில் மறுபடி வெளியே. வடகரையில் நீங்கள் நின்றது இரண்டு தடவை. சரி, வேறெங்கோ கிளம்பியிருந்தால்? முதல் பாலத்தில் உள்ளே, இரண்டாவதில் வெளியே, மூன்றாவதில் உள்ளே. அப்போதும் இரண்டு தடவைதான். மூன்று பாலம் உள்ள பகுதியின் எழுத்து, எங்கே கிளம்பினாலும் இரண்டு முறை வந்தே தீரும். இதே போல எண்ணிப் பார்த்தால் ஐந்து பாலம் உள்ள பகுதியின் எழுத்து மூன்று முறை வரும்.

க்னைப்ஹோஃபில் ஐந்து பாலங்கள், ஆகவே 'க' மூன்று முறை. மற்ற மூன்று பகுதிகளிலும் மும்மூன்று பாலங்கள், ஆகவே வ, த, ல ஒவ்வொன்றும் இரண்டு முறை. கூட்டுங்கள்: 3 + 2 + 2 + 2 = 9. எழுத்துகளுக்கு இருப்பது எட்டு இடம்தான். ஒன்பது எழுத்தை எட்டு இடத்தில் அடைக்க முடியாது. அவ்வளவுதான் நிரூபணம்.

ஏழு பாலங்களை வரிசைப்படுத்த 5,040 வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தும் இதே முடிவுக்கு வந்திருக்கலாம். ஆய்லருக்கும் அது தெரியும். ஆனால் அது பெரும் பாடு என்பதோடு, அடுத்த ஊருக்கு உதவாது என்று ஒதுக்கினார். அதே கட்டுரையில் 15 பாலங்களும் ஆறு நிலப்பகுதிகளும் உள்ள ஒரு கற்பனை ஊரையும் தீர்த்துக் காட்டினார். அங்கே வரிசைகளைச் சோதிக்கக் கிளம்பினால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும்.

அந்தக் கட்டுரையை அவர் 1735 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் வாசித்தார். அச்சில் வந்தது 1741-இல். மொத்தம் 21 பத்திகள். இடையில் 1736-இல் டான்ட்சிக்கைச் சேர்ந்த ஏலர் என்பவர் இதே புதிரைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதியபோது, இதற்கும் கணிதத்துக்கும் பெரிய தொடர்பில்லை, வெறும் பகுத்தறிவே போதும் என்ற பாணியில்தான் பதில் போட்டார். ஒரு துறைக்கே அடிக்கல் நாட்டியவர் அதை அவ்வளவு அலட்சியமாகப் பேசியிருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நான்காம் படி: ஒற்றையா இரட்டையா?

எழுத்துகளை எண்ணுவதைவிடச் சுருக்கமான வழி ஒன்று அதே கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்த அதுவே போதும்.

நடையின் நடுவில் வரும் எந்தப் பகுதியையும் பாருங்கள். உள்ளே வர ஒரு பாலம், வெளியே போக ஒரு பாலம். பாலங்கள் ஜோடி ஜோடியாகத் தீர்கின்றன. ஆகவே கிளம்பும் இடமும் முடியும் இடமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பாலங்கள் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். ஒரு பகுதியில் ஒற்றைப்படையாக இருந்தால் அதில் ஜோடி சேராத ஒரு பாலம் நிற்கிறது என்று அர்த்தம். அது ஒன்று கிளம்பும் பாலமாக இருக்கவேண்டும், அல்லது முடியும் பாலமாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட இடம் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது.

எனவே ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடு தொடுகிறது என்று எண்ணி, ஒற்றைப்படைப் புள்ளிகள் எத்தனை என்று மட்டும் பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் எங்கு வேண்டுமானாலும் கிளம்பலாம், கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம். இரண்டு என்றால் அவற்றில் ஒன்றில் கிளம்பி மற்றதில் முடிக்கவேண்டும், வேறெங்கே கிளம்பினாலும் நடை கெட்டுவிடும். நான்கு, ஆறு என்று போனால் முடியவே முடியாது. கோனிக்ஸ்பெர்க்கில் 5, 3, 3, 3. நான்கும் ஒற்றை.

சரி, ஒன்று அல்லது மூன்று வந்தால்? வராது. வந்தால் எண்ணியதில் பிழை. ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு முனைகள் இருப்பதால், எல்லாப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் பாலங்களின் எண்ணிக்கையைப் போல் சரியாக இரண்டு மடங்கு வரவேண்டும். இங்கே 5 + 3 + 3 + 3 = 14, பாலம் 7. ஆய்லரின் 15 பாலக் கற்பனை ஊரில் 8, 4, 4, 3, 5, 6. கூட்டினால் 30, சரிதான். அதில் ஒற்றை இரண்டு மட்டும், ஆகவே நடை உண்டு. இந்தக் கூட்டலைச் சோம்பல்படாமல் போட்டுவிடுங்கள். ஒரு பாலத்தை விட்டுவிட்டீர்களா, ஒரே பாலத்தை இரண்டு முறை வரைந்துவிட்டீர்களா என்பதை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

பள்ளிக்கூடத்தில் பேனாவை எடுக்காமல், கோட்டின் மேல் கோடு போடாமல் கூரை வீடு வரையச் சொல்லிப் பந்தயம் கட்டுவோமே, அதுவும் இதே கணக்குதான். குறுக்குக் கோடுகள் போட்ட சதுரத்தின் மேல் கூரை வைத்தால், கீழ் மூலைகள் இரண்டில் மட்டும் மும்மூன்று கோடுகள். அங்கே தொடங்கினால் வரும், கூரை உச்சியில் தொடங்கினால் வராது. கூரையை எடுத்துவிட்டால் நான்கு மூலையும் ஒற்றையாகி, யார் வரைந்தாலும் வராது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பாலங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பாக இருக்கவேண்டும். ஒரு தீவுக்கூட்டம் தனியாக, மற்றது தனியாக நின்றால் எண்ணிக்கை எவ்வளவு அழகாக இரட்டையாக இருந்தாலும் பயனில்லை.

ஒரு பாலம் என்ன செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு புதுப் பாலம் கட்டினால் அதன் இரண்டு முனைகளிலும் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும். ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். மற்ற பகுதிகளுக்கு ஒன்றும் ஆகாது. பாலத்தை இடித்தாலும் இதே புரட்டல்தான். இதை வைத்துக்கொண்டு கோனிக்ஸ்பெர்க்கின் வரலாற்றைப் படித்துப் பாருங்கள்.

ஏழு பாலங்களில் கடைசியாக வந்தது தேன் பாலம், 1542-இல். அதற்கு முன்னால் ஆறு பாலங்கள்தான். அப்போது க்னைப்ஹோஃபில் 4, லோம்சேயில் 2, வடகரையில் 3, தென்கரையில் 3. ஒற்றை இரண்டே இரண்டு. அதாவது வடகரையில் கிளம்பினால் தென்கரையில் முடிக்கலாம்:

வ → கடைக்காரர் → க → பச்சை → த → உயரம் → ல → மரம் → வ → கொல்லர் → க → குடல் → த

ஆறும் ஆயிற்று. இந்த நிலையில் க்னைப்ஹோஃபுக்கும் லோம்சேக்கும் நடுவே ஒரு பாலம் போட்டார்கள். இரட்டையாக இருந்த அந்த இரண்டு பகுதிகளும் ஒற்றையாகிவிட்டன. ஏற்கெனவே ஒற்றையாக இருந்த இரண்டோடு சேர்ந்து நான்கு. புதிர் பிறந்தது அப்படித்தான். வேறெந்த இடத்தில் அந்தப் பாலத்தைக் கட்டியிருந்தாலும் இந்த வினை நேர்ந்திருக்காது. உதாரணமாக வடகரைக்கும் லோம்சேக்கும் நடுவே கட்டியிருந்தால் வடகரை இரட்டையாகி, லோம்சே ஒற்றையாகி, ஒற்றை இரண்டாகவே நின்றிருக்கும்.

1875 வாக்கில் க்னைப்ஹோஃபுக்கு மேற்கே வடகரையையும் தென்கரையையும் நேராக இணைத்து ஒரு ரயில் பாலம் வந்தது. அதையும் சேர்த்துக்கொண்டால் நடை சாத்தியமாகிவிட்டது என்று ஊரைச் சேர்ந்த சால்ஷுட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் எழுதினார். வடகரை 4, தென்கரை 4, க்னைப்ஹோஃப் 5, லோம்சே 3. ஒற்றை இரண்டு.

1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் ஊரைக் குண்டுபோட்டு அழித்தன. கொல்லர் பாலமும் குடல் பாலமும் போய்விட்டன. போருக்குப் பின் ஊர் சோவியத் கைக்குப் போய், 1946-இல் கலினின்கிராட் ஆனது. கடைக்காரர் பாலமும் பச்சைப் பாலமும் இருந்த தடத்தில் 1972-இல் தீவுக்கு மேலாகவே போகும் நீண்ட மேம்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். தீவில் இறங்கப் படிக்கட்டு உண்டு. ரயில் பாலத்தை விட்டுவிட்டு, பழைய ஏழின் தடத்தில் நிற்பவற்றை மட்டும் எண்ணுவோம். இதை எப்படி எண்ணுவது என்று தகராறு வரும். தீவில் இறங்கலாம் என்பதால் வடபாதி ஒரு பாலம், தென்பாதி ஒரு பாலம் என்று எண்ணினால் வ 2, த 2, க 3, ல 3. இல்லை, கரையிலிருந்து கரைக்கு ஒரே பாலம்தான் என்றால் வ 2, த 2, க 1, ல 3. எண் மாறினாலும் ஒற்றைகள் அதே இரண்டு இடங்கள்தான். பாலத்தை இரண்டாக உடைப்பது நடுவில் உள்ள பகுதிக்கு இரண்டைக் கூட்டும். இரண்டைக் கூட்டினால் ஒற்றை ஒற்றையாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: பாதையைப் போடுங்கள்

இதுவரை செய்தது 'முடியுமா' என்ற கேள்விக்கு. 'எப்படிப் போவது' என்பது வேறு வேலை. ஆய்லர் இதை ஏறக்குறையக் கைகழுவிவிட்டார். ஒற்றை இரண்டுக்கு மேல் இல்லையென்றால் பாதை உண்டு என்று சொன்னாரே தவிர முழுமையாக நிரூபிக்கவில்லை. அதைச் செய்தவர் கார்ல் ஹியர்ஹோல்ட்சர் என்ற ஜெர்மானியர். அவர் இளவயதிலேயே 1871-இல் இறந்துபோனார். அவர் சொல்லக் கேட்டிருந்த நண்பர்கள் நினைவிலிருந்து எழுதி 1873-இல் வெளியிட்டார்கள். அந்த நிரூபணமே ஒரு செய்முறையும்கூட. ரயில் பாலத்தோடு எட்டுப் பாலங்கள் இருந்த கோனிக்ஸ்பெர்க்கில் அதைச் செய்து பார்ப்போம்.

ஒற்றைப் பகுதிகள் க்னைப்ஹோஃபும் லோம்சேயும். க்னைப்ஹோஃபில் கிளம்புவோம். அதிகம் யோசிக்காமல், கடக்காத ஏதாவது ஒரு பாலத்தில் ஏறிக்கொண்டே போங்கள். கடந்த பாலத்தைத் தாளில் அடித்துவிடுங்கள். நான் இப்படிப் போகிறேன்:

க → தேன் → ல → மரம் → வ → கடைக்காரர் → க → பச்சை → த → உயரம் → ல

லோம்சேயில் மாட்டிக்கொண்டேன். அங்கே இருந்த மூன்று பாலமும் தீர்ந்துவிட்டது. ஆனால் கொல்லர், குடல், ரயில் பாலங்கள் மூன்றும் பாக்கி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் 'தப்பாகிவிட்டது' என்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தேவையே இல்லை.

முதலில், மாட்டியது ஏன் லோம்சேயில்? வேறெங்கும் மாட்ட முடியாது. இரட்டைப் பகுதிக்குள் நுழைந்தால் வெளியேற ஒரு பாலம் எப்போதும் மிச்சமிருக்கும். கிளம்பிய ஒற்றைப் பகுதியில் ஒரு பாலம் போகும்போதே தீர்ந்து மீதி இரட்டையாகிவிடுவதால் அங்கும் மாட்ட முடியாது. ஆகவே நீங்கள் வேறு இடத்தில் மாட்டினால் ஒரு பாலத்தைத் தவறாக அடித்திருக்கிறீர்கள், திரும்பச் சரிபாருங்கள்.

இனி மிச்சமிருக்கும் மூன்று பாலங்களைப் பாருங்கள். கொல்லர் பாலம் வ–க, குடல் பாலம் க–த, ரயில் பாலம் வ–த. வடகரையில் இரண்டு, க்னைப்ஹோஃபில் இரண்டு, தென்கரையில் இரண்டு. எல்லாம் இரட்டை. முதல் நடை ஒற்றைகளை எல்லாம் தீர்த்துவிட்டது, எஞ்சுவது எப்போதும் இரட்டையாகவே இருக்கும். ஆகவே அவற்றில் எங்கே கிளம்பினாலும் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடலாம். வடகரையில் கிளம்பினால்:

வ → கொல்லர் → க → குடல் → த → ரயில் → வ

முதல் நடை வடகரை வழியாகத்தானே போனது? மரப் பாலத்தைக் கடந்து வடகரையில் கால் வைத்ததும், கடைக்காரர் பாலத்துக்குப் போகாமல் இந்தச் சுற்றை முடித்துவிட்டு, அதே வடகரைக்கு வந்து பழைய நடையைத் தொடருங்கள்:

க → தேன் → ல → மரம் → வ → கொல்லர் → க → குடல் → த → ரயில் → வ → கடைக்காரர் → க → பச்சை → த → உயரம் → ல

எட்டும் ஆயிற்று. பெரிய ஊராக இருந்தால் ஒரு சுற்று போதாது. இன்னும் பாலம் மிச்சமிருந்தால், ஏற்கெனவே போன பாதை தொடும் ஏதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்த சுற்றைக் கண்டுபிடித்துச் செருகுங்கள். அப்படிச் செருகத் தொடும் இடமே கிடைக்கவில்லை என்றால் பாலங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்கின்றன என்று பொருள். நான்காம் படியின் கடைசி நிபந்தனையைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

வழக்கமாக மாட்டும் இன்னொரு விஷயம்: ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை கடப்பது வேறு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒருமுறை போவது வேறு. இரண்டாவது கேள்விக்கு ஒற்றை-இரட்டை எண்ணிக்கை உதவாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது இதைவிடப் பலமடங்கு கடினம், அதற்கு இப்படிச் சட்டென்று சொல்லும் விதி இன்றுவரை இல்லை.

முடியாத ஊரில் என்ன செய்வது?

ஏழு பாலக் கோனிக்ஸ்பெர்க்கிலேயே நிற்கிறீர்கள், எல்லாப் பாலத்தையும் பார்த்தாக வேண்டும், எதையாவது இரண்டாம் முறை மிதித்தாலும் பரவாயில்லை என்றால் குறைந்தது எத்தனை கடப்பு? இரண்டாம் முறை கடப்பதை, அதே இடத்தில் இன்னொரு பாலம் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் புரளும். தேன் பாலத்தை இருமுறை கடந்தால் க்னைப்ஹோஃபும் லோம்சேயும் இரட்டையாகிவிடும். வடகரையில் கிளம்பித் தென்கரையில் முடிக்கலாம், மொத்தம் எட்டுக் கடப்பு. 1542-க்கு முந்தைய நடையை அப்படியே நடந்து, லோம்சேக்கு வந்ததும் தேன் பாலத்தில் ஒரு நடை போய்த் திரும்பினால் போதும்.

கிளம்பிய இடத்துக்கே திரும்பவும் வேண்டும் என்றால் நான்கு ஒற்றையையும் தீர்க்கவேண்டும். இரண்டு இரண்டாக ஜோடி போடவேண்டும். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேன் பாலத்தால் க, ல இரண்டையும் ஜோடியாக்கினால் மிஞ்சுவது வடகரையும் தென்கரையும். அவற்றுக்கு நடுவே நேர்ப் பாலம் இல்லை, இரண்டு பாலங்கள் தேவைப்படும். ஆக மூன்று கூடுதல் கடப்பு. அதற்குப் பதில் வடகரையையும் க்னைப்ஹோஃபையும் கடைக்காரர் பாலத்தால் ஜோடியாக்கி, தென்கரையையும் லோம்சேயையும் உயரப் பாலத்தால் ஜோடியாக்கினால் கூடுதல் இரண்டோடு முடிந்துவிடும். மொத்தம் ஒன்பது:

வ → கடைக்காரர் → க → கொல்லர் → வ → கடைக்காரர் → க → பச்சை → த → உயரம் → ல → உயரம் → த → குடல் → க → தேன் → ல → மரம் → வ

தபால்காரர் எல்லாத் தெருவுக்கும் போய் அலுவலகத்துக்குத் திரும்ப எந்த வழி குறைந்த தூரம் என்று சீனக் கணித அறிஞர் குவான் மெய்கு 1960-இல் கேட்டது இதே கேள்வியைத்தான். அதனால் இதற்குச் சீனத் தபால்காரர் புதிர் என்றே பெயர். அங்கே கடப்புகளை எண்ணாமல் தெருவின் நீளத்தைக் கூட்டவேண்டும். ஜோடிகளைத் தூரம் குறையும்படி தேர்ந்தெடுக்கவேண்டும், ஒற்றைச் சந்திப்புகள் கூடக்கூட ஜோடிபோடும் வகைகளும் மளமளவென்று பெருகும். நான்கு ஒற்றைக்கு மூன்றே வகை, பத்து ஒற்றைக்கு 945 வகை. ஆகவே பெரிய ஊருக்கு எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க முடியாது, அதற்கென்றே உள்ள கணினி வழிமுறையைத்தான் நாடவேண்டும். ஒருவழிப் பாதைகள் இருந்தால் ஒற்றை-இரட்டைக் கணக்கும் மாறும்: ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வரும் தெருக்களும் வெளியே போகும் தெருக்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.